கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர்

தொடு சுவிட்சைப் பற்றி வரும் புகார்கள் இரண்டே வகை. ஒன்று, தொட்டாலும் எரிவதில்லை. மற்றொன்று, தொடாமலே எரிகிறது. இரண்டுக்கும் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சென்சிட்டிவிட்டியை அட்ஜஸ்ட் பண்ணணும் சார்." அப்படி அட்ஜஸ்ட் செய்ய உள்ளே ஒரு திருகு இருக்கும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான பலகைகளில் அப்படியொரு திருகு கிடையாது. உணர்திறனைத் தீர்மானிப்பது முதலில் கண்ணாடிக்கும் அதன் பின்னாலுள்ள செப்புத் தகட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான். அதைச் சரிசெய்த பிறகே மற்ற கணக்கெல்லாம்.

அழுத்தினால் உள்ளே போகும் பழைய சுவிட்சில் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. தொடு சுவிட்சில் எதுவும் அசைவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சிறு செப்புத் தகடு, அதோடு இணைந்த ஒரு சிப், அவ்வளவுதான். சிப் அந்தத் தகட்டில் நொடிக்குப் பலமுறை மின்னூட்டம் ஏற்றி இறக்கி, தகடு எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்குகிறது என்று அளந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தாங்கும் அளவுக்கு மின்தேக்குத்திறன் என்று பெயர். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரலைக் கண்ணாடியின் மேல் வைத்ததும் விரல் ஒரு தகடாகவும் உள்ளே இருக்கும் செப்பு இன்னொரு தகடாகவும் ஆகி, நடுவில் கண்ணாடி வைத்த ஒரு கெப்பாசிட்டர் அங்கே உருவாகிவிடுகிறது. மின்தேக்குத்திறன் துளி கூடுகிறது. அந்தத் துளியைத்தான் சிப் 'தொட்டுவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கு உண்மையில் தொடவே வேண்டியதில்லை. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரெமின் உருவாக்கிய இசைக்கருவியைக் கையால் தொடாமலே வாசிப்பார்கள். உலோகக் கம்பியின் அருகே கை நெருங்க நெருங்க மின்தேக்குத்திறன் மாறி, சுருதி மாறும். நம் சமையலறைச் சுவரில் இருக்கும் சுவிட்சும் கை நெருங்குவதைத்தான் உணர்கிறது. எவ்வளவு நெருங்கினால் அதைத் தொடுதலாகக் கொள்வது என்ற எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் உணர்திறன். கோட்டைத் தள்ளிப் போட்டால் தொடாமல் எரியும். ஒட்டிப் போட்டால் தொட்டாலும் எரியாது.

காற்றின் கணக்கு

விரல் கூட்டும் அந்தத் துளி எவ்வளவு? பள்ளிப் பாடத்தில் வரும் இணைத்தகடு கெப்பாசிட்டர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தகட்டின் பரப்பு கூடினால் மின்தேக்குத்திறன் கூடும். இடைவெளி கூடினால் குறையும். நடுவில் இருக்கும் பொருளின் மின்காப்பு மாறிலி கூடினால் கூடும். இந்த மாறிலி காற்றுக்கு 1, அக்ரிலிக்குக்குச் சுமார் 3, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 7.

12 மில்லிமீட்டர் சதுரமுள்ள செப்புத் தகட்டை 4 மில்லிமீட்டர் கண்ணாடியின் பின்னால் நன்றாக ஒட்டி வைத்தால், விரல் கூட்டுவது ஏறக்குறைய 2.2 பிக்கோஃபாரட். ஒரு பிக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரடின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவையும் சிப்பால் எளிதில் பிடித்துவிட முடியும்.

இப்போது அதே தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் காற்று புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2.2 ஆக இருந்தது 0.8 ஆகச் சரிந்துவிடும். கண்ணாடியின் தடிமனில் கால் பங்குதான் அந்த இடைவெளி. ஆனாலும் கிடைக்கும் சமிக்ஞையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது தின்றுவிடுகிறது. சிப்பின் பார்வையில் 1 மில்லிமீட்டர் காற்றும், 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கும், 7 மில்லிமீட்டர் கண்ணாடியும் ஒன்றுதான். ஒரே தடிமனில் கண்ணாடிப் பலகை சுறுசுறுப்பாகவும் அக்ரிலிக் பலகை மந்தமாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? ஆன்லைனில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிபி223 சிப் வைத்த குட்டிப் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு முகத்தில் சிப்பும் சிறு எல்இடியும் மேடாக நிற்கின்றன. அந்த முகத்தைக் கண்ணாடிப் பக்கம் வைத்தால் சிப்பின் உயரமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி ஏற்படுத்திவிடும். சரி, வழவழப்பான மறுபக்கத்தை வைக்கலாம் என்றால், மூன்று பின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் கூரான குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவை பலகையின் ஒரு ஓரத்தைத் தூக்கி நிறுத்திவிடும். இதற்கெல்லாம் மேலாக, 'நன்றாகப் பிடிக்கும்' என்று நாம் ஒட்டும் தடித்த நுரை டேப்! நுரையில் பெரும்பகுதி காற்றுதான்.

இந்த இடைவெளிக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. தொடு சுவிட்சை அழுத்த வேண்டியதே இல்லை. மெல்லத் தொட்டால் போதும். அழுத்தி அமுக்கினால்தான் எரிகிறது என்றால், அழுத்தும்போது அக்ரிலிக் உள்வாங்கி இடைவெளி மூடுகிறது என்று பொருள். கெப்பாசிட்டரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பலகையைக் கழற்றி, ஈயக் குமிழ்களை அரத்தால் தட்டையாக்கி, நுரையில்லாத மெல்லிய இருபக்க டேப்பாலோ எப்பாக்சி பசையாலோ குமிழி விழாமல் ஒட்ட வேண்டும்.

பூஜ்யம் எங்கே?

விரல் இல்லாதபோதும் தகட்டுக்கென்று ஒரு மின்தேக்குத்திறன் இருக்கும். பக்கத்தில் ஓடும் வயர், பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி, மேலே ஒட்டிய கண்ணாடி எல்லாம் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. மளிகைக்கடையில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதைப் போல, மின்சாரம் வந்ததும் சிப் இந்த அடிப்படை அளவைக் குறித்துக்கொள்கிறது. டிடிபி223 இதற்கு அரை விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தகட்டைத் தொடக் கூடாது. அதன் பிறகும், யாரும் தொடாத வேளையில் சுமார் நான்கு விநாடிக்கு ஒருமுறை அடிப்படை அளவைத் திருத்திக்கொள்கிறது. வெயில் ஏறினாலும் மழைக்கால ஈரம் படிந்தாலும் சுவிட்ச் பெரும்பாலும் தடுமாறாமல் இருப்பது இந்தத் திருத்தத்தால்தான்.

இங்கேதான் கெப்பாசிட்டர் வருகிறது. டிடிபி223 சிப்பின் உணர்திறனைக் குறைக்க, தகட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு சிறு கெப்பாசிட்டரைப் பற்றவைப்பார்கள். 0 முதல் 50 பிக்கோஃபாரட் வரை வைக்கலாம். கெப்பாசிட்டரே இல்லாவிட்டால் உணர்திறன் உச்சத்தில் இருக்கும். மதிப்பு கூடக்கூடக் குறையும். எளிமைப்படுத்திச் சொன்னால், அடிப்படை அளவு 10 பிக்கோஃபாரட் என்றும் விரல் கூட்டுவது 2.2 என்றும் கொண்டால் மாற்றம் 22 சதவீதம். 20 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்தால் அடிப்படை 30 ஆகிவிடுகிறது. அதே விரல் உண்டாக்கும் மாற்றம் 7 சதவீதம்தான். விரலின் பங்கு மாறவில்லை. அது அமுங்கித் தெரியும்படி செய்திருக்கிறோம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கெப்பாசிட்டரால் உணர்திறனைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் இடைவெளியை ஒழிக்க வேண்டும், அல்லது பலகையை மெலிதாக்க வேண்டும், அல்லது தகட்டைப் பெரிதாக்க வேண்டும். தகட்டைப் பெரிதாக்குவதற்கும் எல்லை உண்டு. விரல் நுனி மறைக்கும் பரப்பைத் தாண்டினால் ஒரு விரலின் பங்கு கூடுவதில்லை. உள்ளங்கையும் முழங்கையும்தான் கூடுதலாகத் தெரியும்.

மூன்று பொத்தான், மூன்று குற்றம்

ஒரு சமையலறைப் பலகையை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் கறுப்பு அக்ரிலிக், அதன் பின்னால் மூன்று டிடிபி223 பலகைகள். விளக்குக்கு ஒன்று, சிம்னிக்கு ஒன்று, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒன்று. மூன்றும் ரிலே வழியாக 230 வோல்ட்டை இயக்குகின்றன. விளக்கை அழுத்தினால்தான் எரிகிறது. உப்பு ஜாடியை எடுக்கக் கை நீட்டினாலே சிம்னி ஓடத் தொடங்குகிறது. சிம்னியை நிறுத்தினால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாகச் சுற்றுகிறது.

"மூணுக்கும் கெப்பாசிட்டர மாத்திட்டா சரியாயிடும்ல அண்ணே?" என்று உடன் வந்த பையன் கேட்டால், விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் இப்படித்தான் சொல்வார்: "ஒண்ணுக்குத்தான்டா கெப்பாசிட்டர். எம்சிபியை இறக்கிட்டு மொதல்ல கழட்டு, பின்னாடி எப்படி ஒட்டியிருக்கான்னு பார்ப்போம்."

விளக்கின் குற்றம் நுரை டேப். 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வழியாகக் கிடைக்க வேண்டியது 1.3 பிக்கோஃபாரட். ஒரு மில்லிமீட்டர் நுரை அதைப் பாதியாக்கிவிட்டது. டேப்பைச் சுரண்டி எடுத்து, மெல்லிய டேப்பால் ஒட்டியதும் மெல்லத் தொட்டாலே எரிகிறது. கெப்பாசிட்டருக்கு இங்கே வேலையே இல்லை.

சிம்னியின் குற்றம் வேறு. பலகையைப் பொருத்தியவர் 'நன்றாக வேலை செய்யட்டும்' என்று தகட்டோடு 30 மில்லிமீட்டர் சதுரச் செப்பு டேப்பை இணைத்திருக்கிறார். பரப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. கையின் அகலம் முழுவதும் அதற்குத் தெரிகிறது. முதலில் செப்பு டேப்பை விரல் நுனி அளவுக்கு வெட்ட வேண்டும். அதன் பிறகும் விரல் பலகையைத் தொடுமுன்பே இயங்கினால், அப்போதுதான் கெப்பாசிட்டர். 5 பிக்கோஃபாரடில் தொடங்கி 10, 15 என்று படிப்படியாக ஏற்றிப் பார்க்க வேண்டும். வெப்பத்தால் மதிப்பு மாறாத என்பிஓ வகை செராமிக் கெப்பாசிட்டர் இதற்கு ஏற்றது. அடுப்பின் பக்கத்தில் இருக்கும் பலகைக்கு இது முக்கியம்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். சுண்டுவிரல் நுனியால் மெல்லத் தொட வேண்டும். பலகையின் மேல் கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டை வைத்துத் தொட்டாலும் தவறாமல் இயங்க வேண்டும். இது ஒரு பக்கத்துக் காப்பு. அடுத்து, உள்ளங்கையை விரித்துப் பலகையின் முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் குறுக்கே கொண்டுபோக வேண்டும், இயங்கக் கூடாது. இது மறுபக்கத்துக் காப்பு. இரண்டிலும் தேறும் மதிப்பே சரியான மதிப்பு. ஒரு மதிப்பும் இரண்டிலும் தேறவில்லை என்றால் இன்னும் எங்கோ இடைவெளி இருக்கிறது, அல்லது தகடு இன்னும் பெரிதாக இருக்கிறது.

இந்தச் சோதனையை மேசையில் பவர் பேங்கில் இணைத்துச் செய்துவிட்டு, சுவரில் மாட்டிய பிறகு 'அங்கே சரியாக இருந்ததே' என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. விரலிலிருந்து உடல் வழியாகத் தரைக்கும், தரையிலிருந்து மின்வழங்கல் வழியாகச் சிப்புக்கும் ஒரு சுற்று முழுமையாக வேண்டும். பேட்டரியில் தனித்து மிதக்கும் பலகைக்கு அந்தச் சுற்று பலவீனமாக இருப்பதால் உணர்திறன் குறைவாகத் தெரியும். சுவர் மின்சாரத்தில் அது கூடும். எனவே கடைசிச் சோதனையை, பலகைக்கு நிரந்தரமாகத் தரப்போகும் மின்வழங்கலில்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது பொத்தானான எக்ஸாஸ்ட் ஃபேனில் உணர்திறனுக்குச் சம்பந்தமே இல்லை. சிம்னி மோட்டாரை ரிலே துண்டிக்கும் கணத்தில் காந்தப்புலம் சரிந்து, ரிலே முனைகளில் உயர் மின்னழுத்தப் பொறி எழுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கான தகட்டிலிருந்து சிப்புக்குப் போகும் வயர் ஒரு சாண் நீளத்தில் சிம்னியின் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பொறியின் தாக்கம் வயரில் ஏறி, சிப்புக்கு விரல் மாதிரித் தெரிகிறது. கெப்பாசிட்டர் போட்டு உணர்திறனைக் குறைத்தால் சில நாள் அடங்கியிருக்கும். பிறகு திரும்ப வரும். செய்ய வேண்டியது மூன்று. தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் வயரே இல்லாமல் சிப் பலகையை நேராகக் கண்ணாடியில் ஒட்டுவது. சிப்பின் மின்வழங்கல் கால்களுக்கு அருகிலேயே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைப்பது. மோட்டாரை இயக்கும் ரிலே முனைகளுக்குக் குறுக்கே, மின்வாரிய அழுத்தத்தைத் தாங்கும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்த ஸ்னப்பரை இணைப்பது.

ஆக, சென்சிட்டிவிட்டி குற்றம் என்று வந்த மூன்றில் கெப்பாசிட்டர் உதவியது ஒன்றில், அதுவும் கடைசியில்தான்.

எப்போது தடுமாறுகிறது?

குற்றத்தைக் கண்டுபிடிக்க, எங்கே என்பதைவிட எப்போது என்று கேட்பது நல்ல பலன் தரும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் தானாக எரிந்து அணைந்தால் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலையின் கூர்முனைகள், பலகையின் மின்வழங்கல் வழியாகச் சிப்பை எட்டுகின்றன. நல்ல வடிகட்டலுள்ள மின்வழங்கலோ சைன் அலை இன்வெர்ட்டரோதான் தீர்வு. தொட்டதும் ரிலே 'டக டக' என்று பலமுறை அடித்துக்கொண்டால், ரிலே இழுக்கும் மின்னோட்டத்தால் சிப்புக்கு வரும் மின்னழுத்தம் தாழ்கிறது. ரிலேவுக்கும் சிப்புக்கும் தனித்தனி ரெகுலேட்டர் வேண்டும். பொருத்திய நாளிலிருந்தே எந்த அசைவும் இல்லையென்றால் கண்ணாடியின் பின்பூச்சைப் பார்க்க வேண்டும். ரசம் பூசிய கண்ணாடியும் உலோகத் துகள் கலந்த பெயின்ட்டும் மின்சாரத்தைக் கடத்துபவை. விரலை அவை தகட்டிடமிருந்து மறைத்துவிடும். செப்புக்கு நேரான இடத்திலும் அதைச் சுற்றியும் பூச்சைச் சுரண்டி எடுக்காமல் எந்தச் சிப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எல்லையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணாடியில் தனியாக நிற்கும் சிறு துளி பெரிய தொந்தரவு தராது. ஆனால் கையில் பிடித்த ஈரத்துணி மின்சாரத்தைக் கடத்தும், நம் உடலோடும் இணைந்திருக்கிறது. ஒற்றைப் பொத்தான் சிப்புக்கு அதற்கும் விரலுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. உணர்திறனை எவ்வளவு குறைத்தாலும் துடைக்கும்போது எரியத்தான் செய்யும். பல பொத்தான்களை ஒன்றாகக் கவனிக்கும் சிப்பாக இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பொத்தான்கள் தொடப்பட்டால் அதைப் புறக்கணிக்கும்படி அமைக்கலாம். அந்த வசதி இல்லாத பலகையைக் காய்ந்த துணியால் துடைப்பது, அல்லது எம்சிபியை இறக்கிவிட்டுத் துடைப்பதுதான் வழி.

வாங்கும்போது நியூட்ரல் வயர் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. தொடு சுவிட்சின் சிப்புக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் ஃபேஸ் மட்டும் வந்து போகும் இடங்கள் உண்டு. அங்கே மாட்டும் நியூட்ரல் தேவைப்படாத வகை, அணைந்திருக்கும் விளக்கின் வழியாகவே தன் மின்சாரத்தைக் கசியவிட்டு எடுத்துக்கொள்கிறது. சிறு எல்இடி பல்பானால் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும். இதையும் உணர்திறன் கோளாறு என்று நினைத்துப் பலகையைக் கழற்றுபவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பல சுவர் சுவிட்சுகளில் செலவைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மின்வழங்கலையே வைக்கிறார்கள். அவற்றில் தொடு தகடுகூட 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கும். நம் விரலுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும் ஒரே காப்பு அந்தக் கண்ணாடி. அத்தகைய பலகைக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது லேப்டாப்பையோ சோல்டரிங் அயர்னையோ அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. கண்ணாடியில் விரிசல் விழுந்தால், சுவிட்ச் இன்னும் நன்றாக வேலை செய்தாலும், அன்றைக்கே எம்சிபியை இறக்கிவிட்டுப் பலகையை மாற்றிவிட வேண்டும். டேப் ஒட்டி ஓட்ட வேண்டாம்.